தர மேலாளராகப் பொறுப்பேற்கும் மலர்விழிக்கு ஒரு வாழ்த்துக் கடிதம்

அன்புள்ள மலர்விழி அவர்களுக்கு,

வணக்கம். நம் ஆய்வகத்தின் தர மேலாளராக உங்களை நியமித்திருக்கும் ஆணையை இன்று காலை அறிவிப்புப் பலகையில் படித்தேன். உடனே வந்து கைகொடுத்தேன் என்றாலும், சுற்றிலும் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் ‘வாழ்த்துகள்’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதையும் சொல்ல வாய்க்கவில்லை. எட்டு ஆண்டுகள் ஒரே அறையில், பாதி நாட்கள் இரவுப் பணியில், ஒன்றாக வேலை பார்த்த ஒருவருக்கு அந்த ஒரு சொல் போதாது என்று நாள் முழுவதும் மனம் உறுத்திக்கொண்டே இருந்ததால், பணி முடிந்தபின் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இரவு உங்களுக்கு நினைவிருக்கலாம். எனக்கு அது மறக்கவே மறக்காது. வார்டிலிருந்து அவசரம் என்று வந்த ஒரு மாதிரியில் பொட்டாசியம் 8.2 என்று கருவி காட்டியது. அந்த அளவில் இதயம் எந்த நொடியிலும் தடுமாறலாம் என்பதால், விதிப்படி உடனே மருத்துவரை அழைத்துச் சொல்வதற்காக நான் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன். அடுத்த மேசையிலிருந்து நீங்கள் தலையை நிமிர்த்தி, “அண்ணா, கால்சியம் எவ்வளவு இருக்கு?” என்று மட்டும் கேட்டீர்கள். பார்த்தேன், 4.1 என்று மிகக் குறைவாக இருந்தது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் வழக்கத்துக்கு மாறாக மிகவும் தாழ்ந்திருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை யாரோ உயிர்வேதியியல் குழாய்க்கு மாற்றி ஊற்றியிருக்க வேண்டும் என்பது புரிந்தது. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இடிடிஏ என்பது ஒரு பொட்டாசிய உப்பு. பொட்டாசியத்தை அது தன்னிடமிருந்தே சேர்த்துவிடும், கால்சியத்தைப் பிடித்து மறைத்துவிடும், அந்த நொதிக்குத் தேவையான மக்னீசியத்தையும் கட்டிப்போட்டுவிடும். இவையெல்லாம் நானும் படித்தவைதான். ஆனால் சிவப்பு எழுத்தில் ஓர் எண் கண்ணெதிரே மின்னும்போது அந்தப் பாடத்தை நினைவுக்குக் கொண்டுவந்தவர் நீங்கள்.

மருத்துவரை அழைத்து, எண்ணைச் சொல்லாமல் சந்தேகத்தைச் சொன்னோம். புதிதாக எடுத்தனுப்பிய மாதிரியில் பொட்டாசியம் 4.3 வந்தது. அந்த 8.2ஐ நம்பி இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றியிருந்தால், இயல்பாக இருந்த பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும். படுக்கையில் இருந்தவர் யார், எந்த வயதினர் என்று நமக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் உங்களைத் தெரியாது. நம் வேலையின் இயல்பே அதுதான் என்றாலும், அந்த இரவில் நடந்ததை நேரில் பார்த்த ஒரே ஆள் நான் என்பதால், அதை ஒரு முறையாவது எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது மறுநாள் நீங்கள் செய்தது. தவறு நேர்ந்த வார்டைப் பற்றிப் புகார் எழுதச் சொல்லிப் பலர் சொன்னார்கள். நீங்கள் இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகாமல், இரண்டு குழாய்களையும் கையில் எடுத்துக்கொண்டு அந்த வார்டுக்குப் போய், இரத்தம் எடுத்த செவிலியரிடம் அமர்ந்து, எந்தக் குழாயை முதலில் நிரப்ப வேண்டும், போதாமல் போனால் ஏன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றக் கூடாது என்று பொறுமையாக விளக்கிவிட்டு வந்தீர்கள். அந்தச் செவிலியர்தான் பின்னர் தன் வார்டுக்கு வருகிற புதியவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுக்கிறவரானார். ஆய்வகத் தவறுகளில் பெரும்பகுதி, மாதிரி நம் கைக்கு வந்து சேரும் முன்பே நடந்துவிடுகிறது என்பதைப் பயிற்சி வகுப்புகளில் எல்லோரும் சொல்கிறோம். சொன்னதோடு நிறுத்தாமல் படியேறிப் போனவர் என்று நான் பார்த்தது உங்களைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டின் புள்ளிகளும் பத்து நாட்களாகச் சராசரிக் கோட்டுக்குக் கீழேயே விழுந்துகொண்டிருந்தன. எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தன; ஒரு நாள்கூடக் கருவி எச்சரிக்கவில்லை; நாங்கள் ஒவ்வொருவரும் நம் நாளுக்குரிய புள்ளியைப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டு நகர்ந்தோம். நீங்கள் பத்து நாட்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தீர்கள். இரண்டு பரிசோதனைகளும் 340 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கப்படுபவை என்பதைக் கவனித்து, கருவியின் விளக்கு வலுவிழந்துவருகிறது என்று சொன்னீர்கள். விளக்கை மாற்றியபின் புள்ளிகள் சராசரியின் இருபுறமும் பழையபடி விழத் தொடங்கின. வேலை குவிந்து கிடந்த அந்தக் காலை நேரத்தில் கருவியை நிறுத்தச் சொல்வதற்கு அறிவு மட்டும் போதாது, தைரியமும் வேண்டும். மாடியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்த அழைப்புகளுக்கு ஒரு முறைகூடக் குரலை உயர்த்தாமல், “இன்னும் நாற்பது நிமிடம் ஆகும், சரியான ரிப்போர்ட் தருகிறோம்” என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்தப் பதவிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் என்னிடம் பேசும்போது கடந்த வாரம் முழுவதும் நீங்கள் சற்றுத் தயங்கினீர்கள் என்பதையும் கவனித்தேன். அந்தத் தயக்கம் தேவையில்லை என்பதைச் சொல்லவும்தான் இந்தக் கடிதம். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது முழு உண்மையாக இராது. இரண்டு நாட்கள் இருந்தது. ஆனால் தேர்வுக் குழுவில் நான் அமர்ந்திருந்து, என் பெயரையும் உங்கள் பெயரையும் என் முன்னால் வைத்திருந்தால், அந்த இரவையும் அந்த விளக்கையும் நினைத்து உங்கள் பெயரைத்தான் எழுதியிருப்பேன். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. என் வீட்டார் யாருடைய இரத்தமாவது பரிசோதனைக்கு வந்தால் எவர் பணியில் இருக்கும் வேளையில் கொடுப்பேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விடை ஒன்றுதான்.

புதிய பொறுப்பில் கோப்புகளும் தணிக்கைகளும் கூட்டங்களும் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளும். மாதத்தில் ஓரிரு இரவாவது கருவிப் பக்கம் வந்து நில்லுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இப்போது சேர்ந்திருக்கும் இளைஞர்கள் இருவரும் எண் வந்தவுடன் அனுப்பிவிடும் வேகத்தில் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் நின்று ‘கால்சியம் எவ்வளவு’ என்ற கேள்வியை அவர்களும் ஒரு முறை கேட்க வேண்டும். பணி அட்டவணை போடுவதிலோ, பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்துவதிலோ என்னால் ஆகக்கூடியது எதுவானாலும் தயங்காமல் சொல்லுங்கள். இனி நீங்கள் எனக்கு மேலதிகாரி என்பதால் கேட்கத் தயங்க வேண்டாம். அண்ணன் என்று இத்தனை காலம் அழைத்த உரிமையிலேயே கேட்கலாம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கட்டுப்பாட்டு மாதிரிகளை நான் ஓட்டிவைத்துவிடுகிறேன். வரைபடத்தில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தை வெறுமையாக விட்டுவைக்கிறேன். வந்ததும் கையெழுத்திடுங்கள்.

மனமார்ந்த வாழ்த்துகளுடன்,
உங்கள் அண்ணன்,
சேகர்