இரண்டு சாவிகள்

அம்பாசமுத்திரத்தில் உள்ள அந்த வங்கிக் கிளையின் பெட்டக அறையைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று தலைமைக் காசாளர் முருகேசனிடமும் மற்றொன்று உதவி மேலாளர் செல்வியிடமும் இருந்தன. ஒருவர் சாவி ஒரு நிமிடம்கூட மற்றவர் கைக்குப் போகக் கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர். ஈராண்டுகளாகக் காலை 9.45 மணிக்கு இருவரும் அந்த இரும்புக் கதவின் முன் நின்றிருக்கிறார்கள். அவளுடைய சாவி முரண்டு பிடிக்கும்போதெல்லாம், உதவ நீண்ட கையை அவன் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறான்.

அன்று மாலை ரொக்கத்தை எண்ணி வைத்துப் பூட்டி, பதிவேட்டில் கையொப்பமிட்ட பின் அவன் சொன்னான்: "மேடம், நான் மாறுதலுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கணவனும் மனைவியுமாக இந்த இரண்டு சாவிகளை வைத்திருக்க முடியாது."

மனைவி என்ற சொல்லை அவன் அதற்கு முன் உச்சரித்ததில்லை. அவள் பேனாவை மெல்ல மூடினாள்.

"அப்பாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போகிறீர்கள். நீங்கள் எப்படிப் போக முடியும்? அதிகாரியான என்னை எப்படியும் ஓரிரு ஆண்டுகளில் மாற்றுவார்கள். நானே முன்னதாகக் கேட்கிறேன்."

"வடக்கே எங்காவது போட்டுவிட்டால்?"

"போட்டால் போகிறேன். ஆனால் மேலாளரிடம் நாளைக் காலையே சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தெரியாமல் இன்னொரு நாள் இந்தக் கதவை உங்களோடு திறக்க எனக்கு மனம் ஒப்பவில்லை, முருகேசன்."

அவன் தலையசைத்தான். தத்தம் சாவியைத் தத்தம் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, இருவரும் ஒன்றாகவே படியிறங்கினார்கள்.