நேர்காணல் பகுதியிலிருந்து கண்டறிதல் பத்திக்கு: செவிலியர் 7

பணி மாறும்போது நிரப்பும் ஒப்படைப்புப் படிவம் போதுமா என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில், பேசியபடியே:

"ம்ம்... சார்ட்ல எல்லாம் எழுதியிருக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா, எப்படிச் சொல்றது (சிரிப்பு), அவர் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பயந்துக்குவார்னு எழுத கட்டம் இல்லையே. நேத்துகூட கேன்டீன்ல... சரி, அத விடுங்க. அத வாயாலதான் சொல்லிட்டுப் போவேன். சொல்லாம போனா வீட்ல தூக்கம் வராது."

கேன்டீன் பேச்சை வெட்டியாயிற்று. முதல் வாக்கியம் இருக்கட்டும். அது போனால் செவிலியர் படிவத்துக்கே எதிரி போலத் தெரிவார்.

4.2 படிவத்துக்கு வெளியே நிற்கும் தகவல்

பணி ஒப்படைப்புப் படிவம் போதுமா என்று கேட்டபோது, செவிலியர்கள் பலர் அதைக் குறை சொல்லவில்லை. அதில் இடம்பெறாததைப் பற்றியே பேசினார்கள். இரவுப் பணியில் நீண்ட அனுபவமுள்ள செவிலியர் 7 சொன்னது:

"சார்ட்ல எல்லாம் எழுதியிருக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா [...] அவர் [நோயாளி] ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பயந்துக்குவார்னு எழுத கட்டம் இல்லையே. [...] அத வாயாலதான் சொல்லிட்டுப் போவேன். சொல்லாம போனா வீட்ல தூக்கம் வராது."

பயம் வரும் நேரம் எந்தக் கருவியும் காட்டுவதல்ல, பல இரவுகள் கூடவே இருந்து தெரிந்துகொண்டது. அதைச் சொல்வது அவருக்குக் கூடுதல் உதவியல்ல, வேலையின் பகுதி. சொல்லாவிட்டால் பொறுப்பு வீடுவரை தொடர்கிறது. புதிதாகச் சேர்ந்த செவிலியர் 3 இதற்கு மாறாக, எழுதியதைத் தாண்டிப் பேசத் தயங்கினார்: பின்னால் கேள்வி வந்தால் படிவம்தான் தன்னைக் காக்கும் என்றார். ஆக, வாய்மொழித் தகவல் கைமாறுவது அனுபவத்தையும் பொறுத்திருக்கலாம்.