ஊட்டச்சத்து அறிவியல், மூன்றாம் தாள் – பகுதி ஆ: ஆல்கஹால் (வினாத்தாளும் விடைக் குறிப்பும்)

நேரம்: 1 மணி 15 நிமிடம். மொத்த மதிப்பெண்: 40. எல்லா வினாக்களுக்கும் விடையளிக்கவும். கணக்குகளில் வழிமுறையைக் காட்டவும். விடை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான்.

தரவுகள்: எத்தனாலின் அடர்த்தி 0.789 கிராம்/மி.லி. ஒரு கிராம் எத்தனால் தரும் ஆற்றல் 7 கிலோ கலோரி. உடலிலிருந்து நீங்கும் வேகம் மணிக்கு 7 கிராம் என்று வைத்துக்கொள்ளவும். ஒரு அளவு என்பது ஆஸ்திரேலியாவில் 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம், பிரிட்டனில் 8 கிராம்.

வினா 1 (8 மதிப்பெண்)

750 மி.லி. கொண்ட ஒரு ஒயின் போத்தலின் மேல் 13% என்று அச்சிட்டிருக்கிறது.
அ) அதில் எத்தனை கிராம் எத்தனால் உள்ளது? மூன்று நாடுகளின் கணக்குப்படி அது எத்தனை அளவு? (4)
ஆ) ஒருவர் வீட்டில் ஒரு தம்ளருக்கு 200 மி.லி. வீதம், 14% ஒயினை இரண்டு தம்ளர் குடிக்கிறார். விவர ஏட்டில் "இரண்டு அளவு" என்று எழுதுகிறார். பிரிட்டன் கணக்கில் அவர் உண்மையில் குடித்தது எவ்வளவு? (2)
இ) (அ)வில் சொன்ன முழு போத்தலும் இரவு 11 மணிக்கு ஒருவர் உடலில் இருப்பதாகக் கொள்க. காலை 7 மணிக்கு எவ்வளவு மீதமிருக்கும்? (2)

வினா 2 (10 மதிப்பெண்)

அ) எத்தனால் அசிட்டேட்டாக மாறும் இரண்டு படிகளை, நடக்கும் இடத்துடனும் நொதிகளுடனும் எழுதுக. (4)
ஆ) "கல்லீரலில் என்.ஏ.டி.எச். குவிவதே பல சிக்கல்களுக்குக் காரணம்." பட்டினி நிலையில் ரத்தச் சர்க்கரை குறைதல், கொழுப்புக் கல்லீரல், ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதல் ஆகிய மூன்றையும் இதன் வழியே விளக்குக. (6)

வினா 3 (14 மதிப்பெண்)

46 வயது ஆண். மூன்று வாரங்களாக அநேகமாகச் சாப்பிடவே இல்லை. நாள்தோறும் 40% மதுவில் 300 மி.லி. குடித்து வந்தார். எடை நன்றாகக் குறைந்துவிட்டது. குழப்பத்தோடு மருத்துவமனைக்கு வருகிறார். கால்களை அகலமாக வைத்துத் தள்ளாடி நடக்கிறார். கண்கள் பக்கவாட்டில் துடிக்கின்றன. ரத்தச் சர்க்கரை 52 மி.கி./டெசிலிட்டர். மக்னீசியமும் பாஸ்பேட்டும் குறைவு. சிவப்பணுக்களின் சராசரிக் கன அளவு 106 ஃபெம்டோலிட்டர்.
அ) அவர் மதுவிலிருந்து பெற்ற ஆற்றலைக் கணக்கிடுக. அத்தனை ஆற்றல் கிடைத்தும் எடை ஏன் குறைந்தது? (4)
ஆ) அவருக்குத் தயாமின் குறைந்ததற்கான வழிகளை விளக்குக. (5)
இ) சர்க்கரையும் தயாமினும் அவருக்கு எப்படித் தரப்பட வேண்டும்? மக்னீசியத்தின் பங்கு என்ன? (3)
ஈ) சாப்பாடு மீண்டும் தொடங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (2)

வினா 4 (8 மதிப்பெண்)

அ) நெடுநாளாகக் குடிக்கும் ஒருவருக்கு மாலைக்கண் அறிகுறி தெரிகிறது. "அதிக அளவு வைட்டமின் ஏ மாத்திரை கொடுத்துவிடலாம்" என்கிறார் உடன்பணியாளர். உங்கள் கருத்து என்ன? (4)
ஆ) சிவப்பணு பெரிதாகியிருப்பதை மட்டும் வைத்து ஃபோலேட் குறைபாடு என்று முடிவு செய்யலாமா? (4)

திருத்துபவர்களுக்கான விடைக் குறிப்பு

வினா 1. 750 மி.லி.யில் 13% என்றால் 97.5 மி.லி. எத்தனால், 0.789ஆல் பெருக்கினால் 76.9 கிராம். ஆஸ்திரேலியாவில் 7.7, அமெரிக்காவில் 5.5, பிரிட்டனில் 9.6 அளவு. பிரிட்டனில் ஒரு அளவின் வரையறை உண்மையில் 10 மி.லி. தூய எத்தனால். அந்த வழியில் கணக்கிட்டு 9.75 என்று எழுதியவருக்கும் முழு மதிப்பெண் தாருங்கள். அடர்த்தியால் பெருக்க மறந்து 97.5 கிராம் என்று எழுதினால் ஒரு மதிப்பெண் குறையும். ஆனால் அந்தத் தவறான எண்ணை வைத்துப் பின்னால் சரியாகக் கணக்குப் போட்டிருந்தால் அங்கே மறுபடி குறைக்காதீர்கள்.

(ஆ)வுக்கு: 200 மி.லி. 14% ஒயினில் 22.1 கிராம். இரண்டு தம்ளருக்கு 44.2 கிராம், அதாவது சுமார் 5.5 அளவு (கன அளவு வழியில் 5.6). அவர் எழுதியதோ இரண்டு. இந்த ஒரு கணக்குக்காகத்தான் வினாவையே வைத்தேன். உணவு விவரம் கேட்கும்போது "எத்தனை தம்ளர்" என்று கேட்டு நிறுத்திவிடும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. தம்ளர் எவ்வளவு பெரியது, போத்தலில் என்ன சதவீதம் என்ற இரண்டும் தெரியாமல் வரும் எண்ணால் ஒரு பயனும் இல்லை.

(இ)யில் 8 மணி நேரத்தில் 56 கிராம் நீங்கும். சுமார் 21 கிராம் மீதி. அது தீர இன்னும் 3 மணி நேரம், அதாவது காலை 10 மணி ஆகும். மணிக்கு இத்தனை கிராம் என்று மாறாத வேகம் இருப்பது ஏன் என்று, கேட்காமலேயே ஒருவர் எழுதியிருந்தால் (நொதி நிறைவுற்றுவிடுவதால்), பக்க ஓரத்தில் ஒரு பாராட்டுச் சொல் எழுதுங்கள்.

வினா 2. முதல் படி கல்லீரல் செல்லின் சைட்டோசாலில், ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் நொதியால்:

C₂H₅OH + NAD⁺ → CH₃CHO + NADH + H⁺

இரண்டாவது படி பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில், ஆல்டிஹைடு டீஹைட்ரஜனேஸால். அசிட்டால்டிஹைடு அசிட்டேட்டாகிறது, இன்னொரு என்.ஏ.டி.எச். உருவாகிறது. அசிட்டேட் பிறகு பெரும்பாலும் கல்லீரலுக்கு வெளியே உள்ள திசுக்களில் அசிட்டைல் கோ-ஏ ஆகி எரிகிறது. முதல் நொதியில் துத்தநாகம் இருப்பதைக் குறிப்பிட்டால் நல்லது, கட்டாயமில்லை. நெடுநாள் குடிப்பவரிடம் சைட்டோகுரோம் 2இ1 வழியும் பெருகும் என்று எழுதியவர் இந்த வினாவில் கூடுதல் எதுவும் பெறமாட்டார். ஆனால் வினா 3 (அ)வில் அது மிகவும் உதவும்.

(ஆ)வில் மூன்றுக்கும் தலா 2. பைருவேட் லாக்டேட்டாகத் திருப்பப்படுவதால் புதிய சர்க்கரை உருவாக மூலப்பொருள் இல்லை. கிளைக்கோஜனும் பட்டினியால் தீர்ந்திருக்கும். அதனால்தான் சாப்பிட்டுவிட்டுக் குடித்தவரைவிடச் சாப்பிடாமல் குடித்தவருக்குச் சர்க்கரை விழுகிறது. "பட்டினி" என்ற சொல் விடையில் இல்லையென்றால் ஒரு மதிப்பெண்தான். கொழுப்புக்கு: கொழுப்பு அமில எரிப்பு மட்டுப்படுகிறது, கிளிசரால் பாஸ்பேட் கூடுகிறது, இரண்டும் சேர்ந்து டிரைகிளிசரைடு சேர்கிறது. யூரிக் அமிலத்துக்கு: கூடிய லாக்டேட் சிறுநீரகத்தில் யூரேட் வெளியேறுவதைக் குறைக்கிறது.

வினா 3. முதலில் ஒரு வேண்டுகோள். இந்த மனிதரைக் "குடிகாரர்" என்று எழுதும் விடைத்தாள்கள் வரும். மதிப்பெண் குறைக்க விதியில் இடமில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடிட்டு, "நோயாளி" என்று எழுதிவிடுங்கள். நாளை படுக்கை அருகே நின்று இவர்கள் பேசப்போகிற சொல் அது.

(அ) 300 மி.லி.யில் 40% என்பது 120 மி.லி., 94.7 கிராம், சுமார் 663 கிலோ கலோரி. ஒரு நாள் தேவைக்கு அது போதாது என்பது எளிய பதில். அதற்கு ஒரு மதிப்பெண். சைட்டோகுரோம் வழியில் எரியும் பங்கு ஏ.டி.பி. தராமல் வெப்பமாகப் போகிறது என்பது அடுத்தது. மதுவில் புரதம் இல்லை, உடல் அதைச் சேமித்து வைக்கவும் முடியாது; உணவு வராத மூன்று வாரமும் தசை கரைந்தது.

(ஆ)தான் இந்தத் தாளின் மையம். வெறுமனே "சாப்பிடவில்லை" என்று எழுதி நிறுத்தியவருக்கு 1. எத்தனால் குடலில் தயாமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. நோயுற்ற கல்லீரலில் சேமிப்பு குறைகிறது. தயாமின் அதன் செயல்படும் வடிவமான பைரோபாஸ்பேட்டாக மாறுவதும் குறைகிறது. உடலில் இருப்பு மிகச் சிறியது. சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். அந்த மூன்று வாரம் என்ற காலத்தை விவரத்திலிருந்து எடுத்து இங்கே கொண்டுவந்து சேர்த்த மாணவர் உண்மையிலேயே படித்துப் புரிந்தவர். அவருக்கு முழு 5 தயங்காமல் தாருங்கள். குழப்பம், தள்ளாட்டம், கண் துடிப்பு மூன்றும் சேர்ந்தால் வெர்னிக்கி நோய் என்று பெயரிட வேண்டும். மூன்றும் ஒருசேரத் தெரியாத நோயாளிகளே அதிகம் என்பதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

(இ) சென்ற முறை பலர் "தயாமின் கொடுக்கும் வரை சர்க்கரை கொடுக்கவே கூடாது" என்று எழுதினார்கள். அது ஆபத்தான விடை. 52 என்பது உடனே சரிசெய்ய வேண்டிய அளவு. மூளைக்குக் காத்திருக்க நேரமில்லை. அதே நேரம், தயாமின் இல்லாத நிலையில் சர்க்கரை மட்டும் ஏற்றினால் பைருவேட் டீஹைட்ரஜனேஸ் ஓடாது, இருக்கிற கொஞ்ச தயாமினும் தீரும், மூளைப் பாதிப்பு முற்றும். ஆகவே இரண்டும் ஒன்றாக, தயாமின் ஊசி வழியாக. மாத்திரை போதாது; உறிஞ்சும் குடலே பழுதுபட்டிருக்கிறது. தயாமின் பைரோபாஸ்பேட்டாக மாறவும், அதைப் பயன்படுத்தும் நொதிகள் ஓடவும் மக்னீசியம் தேவை. அது குறைவாகவே இருந்தால் தயாமின் கொடுத்தும் பலன் தெரியாது.

(ஈ)க்கு மறு-உணவூட்டல் நோய்க்குறி என்று எழுதி, பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் அடிக்கடி பரிசோதித்து, ஆற்றலைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்றால் போதும்.

வினா 4. (அ) எத்தனாலும் ரெட்டினாலும் ஒரே வகை நொதிகளுக்குப் போட்டியிடுகின்றன. கல்லீரலில் வைட்டமின் ஏ இருப்பு குறையும். ஆனால் அதே கல்லீரலில் ரெட்டினாலின் நச்சு விளைவும் கூடும். குறைபாடும் நஞ்சும் அருகருகே நிற்கின்றன என்பதை உணர்ந்து, அதிக அளவு மாத்திரையை மறுத்தால் 3. மாலைக்கண்ணுக்குத் துத்தநாகக் குறைபாடும் காரணமாகலாம், அதையும் பார்க்க வேண்டும் என்று சேர்த்தால் 4.

(ஆ) முடிவு செய்யக் கூடாது. ஃபோலேட் குறைய ஏராளமான காரணங்கள் உண்டு: குறைந்த உணவு, குறைந்த உறிஞ்சுதல், சிறுநீரில் கூடுதல் இழப்பு. ஆனால் ஃபோலேட்டும் பி12உம் சரியாக இருக்கும்போதே ஆல்கஹால் எலும்பு மஜ்ஜையை நேரடியாகப் பாதித்துச் சிவப்பணுவைப் பெரிதாக்க முடியும். இரண்டையும் ரத்தத்தில் அளந்து பார்ப்பதே வழி. பி12 குறைந்திருக்கும்போது ஃபோலேட் மட்டும் கொடுத்தால் ரத்தச்சோகை சரியானதுபோலத் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். இதை எழுதியவருக்குக் கடைசி ஒரு மதிப்பெண்.