சரவணன் பெயரில் ஒரு ‘ன’

தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளே, வணக்கம்.

நேற்று காலாண்டு விடைத்தாள் கொடுத்தார்களாமே. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அறிவுரை எதுவும் கொண்டு வரவில்லை. ஒரு கதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பத்தமடை. பாய்க்குப் பேர்போன ஊர். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரி மெல்லிசாக வகிர்ந்துதான் பட்டுப் பாய் நெய்வார்கள். கல்யாணப் பாயில் பெண்ணு மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து நெய்து கொடுப்பது உண்டு.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாளில் எழுதிக் கொடுத்தால் எழுத்தை அப்படியே பார்த்துப் பாயில் கொண்டுவந்துவிடுவார். அந்தத் தடவை எழுதிக் கொடுத்தது நான். ஆறாம் வகுப்பு. மாப்பிள்ளை பெயர் சரவணன். நான் எழுதியது ‘சரவனன்’. (சிரிக்காதீர்கள். உங்கள் விடைத்தாளில் எத்தனை சரவனன் இருக்கிறார் என்று தமிழ் ஐயாவைக் கேட்டால் தெரியும்.)

இரண்டு நாள் கழித்து, பெயர் முழுக்க நெய்து அதற்கு மேலும் நாலு விரல் அகலம் ஏறிய பிறகுதான் எனக்கே கண்ணில் பட்டது. சொல்லலாமா, ஓடிவிடலாமா என்று வாசலிலேயே நின்றேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் போய், அழுதுகொண்டே சொன்னேன்.

பாட்டி திட்டவில்லை. முதலில் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் பாயின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, நீளமாகக் கட்டியிருந்த பாவு நூலைக் காட்டினார்.

“இங்க பாருலே. பாவு அறுபடல. கோரையைத்தானே உருவணும்? உக்காரு.”

அன்று முழுக்க இரண்டு பேரும் கோரையை ஒவ்வொன்றாக உருவினோம். சில முறிந்தன, தூக்கிப் போட்டோம். நல்லதாக இருந்தவற்றைத் தனியே அடுக்கினோம். நெய்வதை விட உருவுவதுதான் கஷ்டம், கை எரியும். சாயங்காலம் சுவரில் கரித்துண்டால் ‘சரவணன்’ என்று பத்துத் தடவை எழுதச் சொன்னார். அதன் பிறகு அந்த ‘ண’ எனக்குத் தப்பியதே இல்லை.

அந்தப் பாய் கல்யாணத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது.

இன்றைக்குச் சாயங்காலம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். விடைத்தாளைப் பைக்கு அடியில் ஒளிக்காமல் வெளியே எடுங்கள். சிவப்பு மை விழுந்த கணக்கில் ஏதாவது ஒன்றை, எந்த வரியில் தப்பியது என்று தேடிப்பிடித்து, அந்த வரியிலிருந்து திரும்பப் போடுங்கள். ஒன்று போதும்.

நடுவில் அம்மாவோ ஆச்சியோ வந்து, “என்னலே, மார்க்கு இவ்வளவுதானா?” என்று கேட்டால் நிமிர்ந்து பார்த்துச் சொல்லுங்கள்:

“பாவு அறுபடல ஆச்சி. கோரையை உருவிக்கிட்டு இருக்கேன்.”