குருத்து
பனையோலைக் கொட்டான், காரைக்குடி

◯

கையால் முடைந்தது

செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் சீர் வைக்கவும் தாம்பூலம் கொடுக்கவும் இருந்த அதே கொட்டான்தான். இப்போது சாவி, வளையல், முறுக்கு, எது வேண்டுமானாலும் வைக்கலாம்.

இளம் குருத்தோலையை வெயிலில் காயவைத்து, நரம்பு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்துப் பின்னியிருக்கிறோம். ஓலைக்கு ஓலை சாயம் கொஞ்சம் முன்பின் ஏறும். அது குறையில்லை. ஆனால் விளிம்பில் ஓலை பிரிந்திருந்தால் தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள், மாற்றித் தருகிறோம்.

தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். மழைக்காலத்தில் மூடிய அலமாரிக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெளியே காற்றாட வையுங்கள். நசுங்கிவிட்டதா? லேசாகத் தண்ணீர் தெளித்து, உள்ளே துணியைத் திணித்து ஒரு ராத்திரி விடுங்கள், நிமிர்ந்துவிடும்.

சிவப்பு, பச்சை கட்டம் · மூடியுடன்
அகலம் 15 செ.மீ., உயரம் 12 செ.மீ.

விலை ₹420
(எல்லா வரிகளும் சேர்த்து)

இந்த அட்டையைக் கட்டியிருப்பதும் பனைநார்தான். அவிழ்க்க வராது, கத்தரித்துவிடுங்கள்.