ஏற்காட்டு பெரியம்மா – நம்ம குடும்ப குரூப்ல எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். செவ்வாக்கெழம காலைலேர்ந்து இந்த குரூப்ல எதுவும் டைப் பண்ண கை வரல, எல்லாரும் போட்ட கைகூப்புற படத்தையும் மெசேஜையும் படிச்சிக்கிட்டே இருந்தேன், ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லலன்னு யாரும் தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கு மூணாம் நாள் பால் ஊத்திட்டு எல்லாரும் எறங்கிப் போனதுக்கு அப்புறம், பெரியம்மா வீட்டுத் திண்ணைல உக்காந்துதான் இத எழுதுறேன். நீளமா போகும், பெரியவங்க பொறுத்துக்கோங்க.

வெளியூர்ல வெளிநாட்டுல இருக்கறவங்க பாதி பேருக்கு என்ன நடந்துச்சுன்னே முழுசா தெரியல, ஆளாளுக்கு தனித்தனியா அண்ணனுக்கு போன் பண்ணி கேக்குறீங்க, அதனால நானே சொல்லிடுறேன். திங்கக்கெழம ராத்திரி பெரியம்மா ரசம் சாதம் சாப்ட்டு, எட்டு மணிக்கு செல்வம் அண்ணன்கிட்ட போன்ல பேசிட்டு படுத்துச்சு. காலைல அஞ்சு மணிக்கு பால்காரர் கூப்புட்டு கதவு தொறக்கல. ஆஸ்பத்திரி, ஊசி, குழாய் எதுவும் இல்ல. 81 வயசு, போர்வை கூட கலையல. அவ்ளோதாங்க நடந்துச்சு, இதுக்கு மேல அண்ணன்கிட்ட யாரும் கேக்க வேண்டாம், ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் அவரு அந்தக் கதவ திரும்பத் தொறக்குற மாதிரி இருக்கு.

செல்வம் அண்ணா, சுமதி அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் நம்ம அம்மாபேட்டை வீடு, சூரமங்கலம் வீடு, ஆத்தூர் வீடு, பெங்களூர் பசங்க எல்லாரு சார்பாவும் சொல்றேன், உங்க அம்மா போனது உங்களுக்கு மட்டும் நடந்த விஷயம் இல்ல. எங்க அம்மா செவ்வாக்கெழமலேர்ந்து இன்னும் சரியா பேசல. "எனக்கு தல பின்னி விட்டதே எங்கக்காதான்டி" ன்னு அத மட்டும்தான் திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கு.

பெரியம்மாவ தெய்வம் தேவதைன்னு எல்லாம் நான் எழுத மாட்டேன், எழுதினா அதுவே எந்திரிச்சு வந்து திட்டும். கோவக்காரி. ஆரஞ்சு பழத்த எண்ணி வெச்சுட்டுதான் தூங்கும், காலைல ஒன்னு கொறஞ்சா யாரு எடுத்தான்னு தோலி கெடக்கற எடத்த வெச்சே கண்டுபுடிக்கும். நம்ம வீட்டுக்கு வந்த எந்த மருமக போட்ட காப்பியையும் மொத தடவையே நல்லாருக்குன்னு சொன்னது கெடையாது. சிக்கரி கலந்துருக்குன்னு வாய்ல வெக்கறதுக்கு முன்னாடியே மூக்காலயே சொல்லிரும். என் கல்யாணத்துல மாப்ள வீட்டுக்காரங்க குடுத்த காப்பிய கீழ வெச்சுட்டு "இது காப்பியா இல்ல வெல்லத் தண்ணியா" ன்னு கேட்டது என் மாமியாருக்கு இன்னிக்கும் மறக்கல. அதே மாமியார்தான் செவ்வாக்கெழம எனக்கு முன்னாடி கார்ல ஏறி உக்காந்தாங்க.

மே மாசம் சேலத்து வெயில்ல நம்மள எல்லாம் மூட்டை கட்டி பஸ் ஏத்தி அனுப்பிருவாங்களே, ஞாபகம் இருக்கா? ஒரு வருஷம் பன்னெண்டு பேரு போனோம். இருவது வளைவு, ஒவ்வொன்னுலயும் நம்பர் போர்டு, நான் ஏழாவதுலயே வாந்தி, பாலு பதிமூனாவதுல. பஸ் ஸ்டாண்டுல பெரியம்மா ஆரஞ்சுத் தோலியோட நிக்கும், மோந்து பாருன்னு மூக்குக்கிட்ட நசுக்கி விடும், கண்ணெல்லாம் எரியும். அப்புறம் அந்த ஒரு ரூம்ல வரிசையா பாய், நடுராத்திரில குளுருதுன்னு யாரு கத்தினாலும் ஒரு பழைய புடவைய மடிச்சு மேல போடும். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நடத்தியே கூட்டிட்டுப் போகும், கால் வலிக்குதுன்னு சொன்னா "மலைக்கு வந்துட்டு காலு வலிக்குதாம்" ன்னு ஒரு சிரிப்பு. இன்னிக்கு இந்த குரூப்ல 140 பேரு இருக்கோம், அண்ணன் தம்பி அக்கா தங்கச்சின்னு ஒருத்தர ஒருத்தர் வாய் நெறய கூப்பிடுறோம்னா அது அந்தப் பாய்ல உருண்டு உருண்டு வந்ததுதான். எங்க பசங்களுக்கு அது கெடைக்கல, அதுல எனக்கு வருத்தம் உண்டு, சரி அது வேற கத.

பெரியப்பா எஸ்டேட்ல ரைட்டரா இருந்தாரு, அவரு போனப்புறம் அந்த நாலு ஏக்கர வித்துட்டு கீழ வந்துருன்னு எல்லாரும்தான் சொன்னோம். கேக்கல. சில்வர் ஓக் மரத்துல மெளகுக் கொடி எவ்வளவு ஏறிருக்கு, எந்தச் செடில காய் சிவந்துருக்கு, எது இன்னும் பச்சையா இருக்குன்னு காலைல ஒரு நட போய் பாத்துட்டு வந்தாதான் அதுக்கு டிபனே எறங்கும். களத்துல காயுற காப்பிப் பழத்த ஒரு கை அள்ளி காதுக்கிட்ட வெச்சு குலுக்கும், உள்ள கொட்டை ஆடுற சத்தம் வந்தா காஞ்சிருச்சு, இல்லன்னா "இன்னும் ரெண்டு வெயில் வேணும்" னு திரும்ப பரப்பி விட்டுரும். இந்த வருஷம் மூடுபனி ஜாஸ்தி, வெயிலே இல்லன்னு போன வாரம்தான் என்கிட்ட பொலம்புச்சு. செவ்வாக்கெழம பழம் பறிக்க வந்த பொண்ணுங்க சாக்க வேலி ஓரமா போட்டுட்டு அப்படியே முன்வாசல்ல வந்து உக்காந்துட்டாங்க, சாயங்காலம் எடுக்குற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கல.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். சுமதி அக்கா வர்ற வரைக்கும் ஏன் வெச்சிருக்கலன்னு குரூப்லயும் வெளியிலயும் ஒரு பேச்சு ஓடுது, ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்துச்சு, யாருன்னு நான் சொல்லப் போறதில்ல. அக்கா, நீயும் கேளு. உனக்கு ஷார்ஜாலேர்ந்து டிக்கெட் கெடச்சது புதன்கெழமைக்குத்தான், கோயமுத்தூர் வந்து எறங்கி மலையேறி வீடு சேர ராத்திரி ஆயிரும்னு தெரிஞ்சுது. மலைல மழை, கரண்ட் போய் போய் வந்துச்சு, ப்ரீசர் பாக்ஸ் ரெண்டு தடவ நின்னுருச்சு. அண்ணன் வெக்கலாம்னுதான் சொன்னாரு. வேண்டாம்னு சொன்னது மாமா, எங்க அம்மா, நான். உங்கம்மா முகம் நல்லா இருக்கும்போதே அனுப்பணும்னு நாங்கதான் முடிவு பண்ணோம். கோவம் இருந்தா எங்க மேல படு, நாங்க வாங்கிக்கறோம். அண்ணன் மேல ஒரு சொட்டு கூட கூடாது. கோடிச் சேலை அந்த மாம்பழ மஞ்சள், மாமா எடுத்துட்டு வந்து போத்துனாரு. உன் கல்யாணத்துல கட்டியிருந்த அரக்குப் பட்ட பீரோலேர்ந்து எடுத்து கால் பக்கம் வெச்சோம். பெரியப்பா பக்கத்துலயேதான் வெச்சிருக்கோம். நேத்து ராத்திரி நீ வந்து மண்ண தொட்டுட்டு ஒன்னும் பேசாம நின்ன பாரு, அத பாத்ததுலேர்ந்துதான் இத எழுதியே ஆகணும்னு இருந்துச்சு.

அண்ணா, நீங்க அன்னிக்கு ராத்திரி கூட இருந்திருந்தா காப்பாத்திருக்கலாமோன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. வேலைக்காக கீழ சேலத்துல தங்கினீங்க, ஊர் சுத்தப் போகல. எட்டு மணிக்கு பேசினீங்கல்ல, என்ன சொல்லுச்சு? வண்டிக்கு காத்தடிச்சியான்னு கேட்டுச்சுன்னு நீங்களே சொன்னீங்க. பக்கத்து ரூம்ல இருந்திருந்தாலும் தூங்கிட்டுத்தான் இருந்திருப்பீங்க.

இன்னொன்னு, இத சொல்லலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். தறி வீட்டு விஷயத்துல மாமா வீடும் சின்ன சித்தி வீடும் பேசாம எத்தன வருஷம் ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எந்தப் பக்கம்னு பெரியம்மாகிட்ட கேட்டப்ப "நீங்க பேசலன்னா எனக்கென்ன, நான் ரெண்டு வீட்லயும் சாப்புடுவேன்" னு சொல்லிட்டு, நெஜமாவே மத்தியானம் ஒரு வீட்லயும் ராத்திரி ஒரு வீட்லயும் சாப்ட்டுட்டு பஸ் ஏறிருச்சு. பொங்கலுக்கு ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி அரை கிலோ காப்பித் தூள், ஒரு கிராம் கூடாது கொறையாது. செவ்வாக்கெழம மாமாவும் சித்தியும் ஒரே பாய்ல உக்காந்திருந்தாங்க, சித்திக்கு மாமாதான் தண்ணி எடுத்துக் குடுத்தாரு. அதுக்கு மேல நான் ஒன்னும் சொல்லல.

காரியம் பதினாறாம் நாள், வர்ற 24ஆம் தேதி புதன்கெழம, பெரியம்மா வீட்லயே. கிறிஸ்துமஸ் லீவு கூட்டம் மலைல ஜாஸ்தியா இருக்கும், லேட்டா கெளம்புனா அடிவாரத்துலயே வண்டி நிக்கும், அதனால ஏழு மணிக்குள்ள கோரிமேடு தாண்டிருங்க. வயசானவங்களுக்கு அஸ்தம்பட்டிலேர்ந்து வேன் ஏற்பாடு பண்ணிருக்கு, காலைல ஆறு மணிக்கு எடுப்பாங்க, வர்றவங்க பேர ஞாயித்துக்கெழமக்குள்ள எங்கிட்ட சொல்லிருங்க. ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. வர முடியாதவங்க வருத்தப்பட வேண்டாம், அக்கா ஜனவரி பத்து வரைக்கும் இங்கதான் இருக்கா, ஒரு நாள் போன் பண்ணுங்க. ஆறுதல் எல்லாம் சொல்லணும்னு இல்ல, அவங்கம்மா உங்கள எதுக்கு திட்டுச்சுன்னு சொல்லுங்க போதும், நேத்து பாலு பதிமூனாவது வளைவு கதைய சொன்னப்பதான் அக்கா மொத தடவ சிரிச்சா. பழைய போட்டோ இருந்தா போடுங்க. சித்தப்பா, கோச்சுக்காதீங்க, குட் மார்னிங் ரோஜாப்பூ படம் மட்டும் 24 வரைக்கும் வேண்டாம்.

பெரியம்மா தலகாணிக்கு பக்கத்துல அந்த நோட்டு இருந்துச்சு. இந்த வருஷத்து காப்பித் தூளுக்கு 23 வீட்டு பேரும் எழுதி முடிச்சு வெச்சிருக்கு. மாமா வீடு ஆறாவது, சித்தி வீடு ஏழாவது. களத்துல இருக்கற பழம் இன்னும் காயல, அண்ணன் இன்னிக்கு காலைல குலுக்கிப் பாத்துட்டு இன்னும் நாலு வெயில் வேணும்னாரு. பொங்கலுக்குள்ள எல்லாருக்கும் வந்துரும்.

செவ்வாக்கெழம நாங்க மேல வரும்போது பத்தாவது வளைவுல என் தம்பி பழக்கத்துல போன எடுத்துட்டான். யாரு வந்தாலும் பெரியம்மா சொல்றது அதான, பத்தாவது வளைவு வந்தா மிஸ்டு கால் குடு, உலை வெக்கிறேன்னு. எடுத்த போன கையிலயே வெச்சுக்கிட்டு இருவதாவது வரைக்கும் வந்தான், கார்ல ஒருத்தரும் பேசல.

24ஆம் தேதி வர்றவங்க பத்தாவது வளைவு வந்ததும் சுமதி அக்கா நம்பருக்கு மிஸ்டு கால் குடுங்க. எத்தன பேருக்கு உலை வெக்கிறதுன்னு தெரியணும்.

– கவிதா, சூரமங்கலம் வீடு