பொருள்: கிணற்று நீர் ஒப்படை – டிசம்பர் 22 வரை அவகாசம் வேண்டி

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். புவியியல் மூன்றாம் வருட மாணவி அபிராமி எழுதுகிறேன். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு பற்றிய ஒப்படையை டிசம்பர் 12 ஆம் திகதி தர வேண்டும். அதை டிசம்பர் 22 வரை பிந்தித் தர அனுமதிப்பீர்களா என்று கேட்கத்தான் இந்த மின்னஞ்சல்.

நவம்பர் 27 பின்னேரம் எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. மழையில் நனைந்ததால்தான் என்று நினைத்துப் பரசிற்றமோலோடு இருந்துவிட்டேன். 29 ஆம் திகதி இரத்தம் சோதித்தபோது டெங்கு என்று தெரிந்தது. அன்றைக்கே வாட்டில் மறித்துவிட்டார்கள். குடிக்கும் ஒவ்வொரு கிளாசையும், போகும் சிறுநீரையும் அம்மா அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டே இருந்தா. டிசம்பர் 4 ஆம் திகதி வீட்டுக்கு விட்டார்கள். 11 வரை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் கொஞ்ச நேரம் நின்றாலே தலை சுற்றுகிறது. மருத்துவச் சான்றிதழை இணைத்திருக்கிறேன்.

எழுதுவது மட்டும் மிச்சமென்றால் படுத்தபடியே முடித்திருப்பேன், மேடம். பிரச்சினை மாதிரிகளில்தான். பன்னிரண்டு கிணறுகளில் எட்டின் நீரை நவம்பர் 24, 25 இல் எடுத்து ஆய்வுகூடத்தில் சோதித்தாயிற்று. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் மிச்சம் நாலு கிணறுகளுக்கும் 27 காலையில் போனேன். நீங்கள் காட்டித் தந்தபடி போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசி, நிரப்பி, பெயரொட்டி, அடுத்த நாள் கொண்டுவரலாமென்று வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். பிறகு அவற்றைத் தொடவே முடியவில்லை. டிசம்பர் 1 இல் என் தோழி வந்து, தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள். 4 பாகை செல்சியசில் வைத்திருந்தாலும் நைத்திரேற்றை 48 மணித்தியாலத்துக்குள் சோதிக்க வேண்டுமே. அதற்குள் நாலு நாளாகிவிட்டது. வேண்டாமென்று சொல்லி, நாலையும் ஊற்றிவிட்டேன். அந்த இலக்கங்களை அட்டவணையில் போட எனக்கு மனம் வரவில்லை.

அவகாசம் கிடைத்தால், டிசம்பர் 15 இல் அந்த நாலு கிணறுகளிலும் புதிதாக நீர் எடுத்து, 16 காலையில் ஆய்வுகூடத்தில் கொடுப்பேன். அண்ணா மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். இடையில் மூன்று கிழமை மாரி மழை பெய்திருக்கும். செம்பாட்டு மண்ணில் கிடக்கும் உரத்தை அது கீழே சுண்ணக்கல்லுக்குள் கழுவி இறக்கியும் இருக்கலாம், கிணற்று நீரை ஐதாக்கியும் இருக்கலாம். அப்படியே பழைய எட்டோடு ஒப்பிட்டால் பிழை வரும். அதனால் முதல் எட்டில் இரண்டு கிணறுகளையும் அதே நாளில் திரும்ப எடுக்க நினைக்கிறேன். அந்த இரண்டிலும் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் மழையின் பங்கை ஓரளவுக்காவது சொல்லலாம். இது சரியான வழிதானா என்று நீங்கள் சொன்னால் நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உரும்பிராயில் நான் போன ஒரு வீட்டில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் பத்து எட்டுக்கூட வராது. பின்பக்கம் வெங்காயத் தோட்டம். அந்த வீட்டில் நாலு மாதக் குழந்தை இருக்கிறது, மாப்பால்தான் கொடுக்கிறார்கள். “கொதிக்க வைச்சுத்தானே, பிள்ளை, மாவைக் கரைக்கிறம்” என்றா அந்த அம்மம்மா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும் என்று விளக்கி, முடிவு தெரியும் வரை குழந்தைக்கு வேறு இடத்துத் தண்ணீர் எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்கு மேலேயா கீழேயா என்று அவர்களுக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஊற்றிய நாலு போத்தலில் ஒன்று அந்தக் கிணற்றினுடையது.

இதுவரை முடித்த அறிமுகம், கிணறுகளின் அமைவிடப் படம், எட்டு மாதிரிகளின் முடிவுகள், கிணற்றடியில் அளந்த மின்கடத்துதிறன் எல்லாவற்றையும் இத்துடன் அனுப்புகிறேன். நேரம் இருக்கும்போது பாருங்கள்.

22 வரை தருவது கடினமென்றால், எட்டுக் கிணறுகளை மட்டும் வைத்து, ஏன் நாலு குறைகிறது என்பதையும் எழுதி 12 ஆம் திகதியே தருகிறேன். பிந்தினால் புள்ளி குறைப்பது விதியென்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். எதுவானாலும் அந்த நாலு கிணறுகளையும் சோதிக்க ஆய்வுகூடத்தைப் பாவிக்க மட்டும் அனுமதி தாருங்கள், மேடம்.

காய்ச்சல் வந்தவுடனேயே உங்களுக்கு அறிவித்திருக்க வேண்டும். வாட்டில் இருந்த நாட்களில் அது முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் மாணவி
து. அபிராமி
புவியியல், மூன்றாம் வருடம்
டிசம்பர் 7

இணைப்புகள்: மருத்துவச் சான்றிதழ், ஒப்படையின் முடிந்த பகுதி